அந்தப் பதிவைத் திறந்தது யார்?

பின்லாந்தின் அரசு மருத்துவமனை ஒன்றில், கண் நோய்ப் பிரிவில் ஒரு செவிலியர் 1989 முதல் 1994 வரை ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்தார். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில்தான் 1987 முதல் சிகிச்சையும் பெற்றுவந்தார். உடன் வேலை செய்பவர்களுக்குத் தன் நோய் தெரிந்துவிட்டது என்ற சந்தேகம் 1992-ன் தொடக்கத்தில் அவருக்கு எழுந்தது. அந்த நாட்களில் மருத்துவமனை ஊழியர்கள் எல்லோராலும் நோயாளிப் பதிவேட்டைத் தடையில்லாமல் பார்க்க முடிந்தது. 1996-ல் அவர் அதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டார்: என் பதிவைத் திறந்து பார்த்தவர்கள் யார் யார்?

மருத்துவமனையால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நோயாளியின் பதிவு கடைசியாகப் பார்க்கப்பட்ட ஐந்து தடவைகளை மட்டுமே அங்கிருந்த கணினி நினைவில் வைத்திருந்தது. அதுவும் எந்தப் பிரிவிலிருந்து பார்த்தார்கள் என்றுதான் காட்டும். எந்த ஆள் என்று காட்டாது. கோப்பு ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பியதும் அந்தத் தகவலும் அழிந்துவிடும். யாரோ அத்துமீறிப் பார்த்தார்கள் என்பதை அவர் நிரூபிக்கவில்லை என்று பின்லாந்து நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. 2008 ஜூலை 17 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. யார் பார்த்தார் என்ற பதிவை வைத்திருக்க வேண்டியது மருத்துவமனை. அது வைக்காமல் விட்டதை நோயாளி எங்கிருந்து கொண்டுவந்து காட்டுவார்? தீர்ப்பின் சாரம் இதுதான். பெயர் வெளியிடப்படாத அந்தப் பெண்ணின் வழக்கு, சட்டப் புத்தகங்களில் ‘ஐ எதிர் பின்லாந்து’ என்று இருக்கிறது.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று. தரவை மாற்றினால் மாற்றிய இடத்தில் ஒரு தடயம் இருக்கும். பழைய மதிப்பு போய்ப் புதிய மதிப்பு வந்திருக்கும். யாராவது கவனிக்க வாய்ப்பு உண்டு. படித்தால் எதுவும் மிஞ்சாது. படிக்கிற அந்தக் கணத்திலேயே எழுதி வைக்காவிட்டால், எவ்வளவு பெரிய நிபுணரை அழைத்து வந்தாலும் பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

இன்று இதை எப்படிச் செய்வார்கள் என்பதை ஒரு கற்பனை மருத்துவமனையை வைத்துப் பார்ப்போம். நோயாளிகள், சீட்டு, மருந்து, பில், ஆய்வக முடிவு என்று அதன் தரவுத்தளத்தில் நூற்றுக்கணக்கான டேபிள்கள். அவற்றில் ஒன்றின் பெயர் `hiv_result`. பதினெட்டாயிரம் வரிகள் கொண்ட சிறிய டேபிள். ஒரு வரி என்பது ஒருவரின் பரிசோதனை முடிவு. தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரஸ். இலவசமாகக் கிடைப்பது, உலகெங்கும் புழங்குவது.

முதலில் யாருக்கும் தோன்றும் வழி, எல்லாவற்றையும் பதிவதுதான். போஸ்ட்கிரஸில் `log_statement` என்ற அமைப்பை `all` என்று வைத்தால், தரவுத்தளத்துக்கு வரும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு கோப்பில் எழுதப்படும். அந்தக் கோப்பைத்தான் லாக் என்கிறார்கள். ஆனால் இந்த அமைப்புக்கு டேபிள் எது என்று தெரியாது. ஒரு டேபிளை மட்டும் குறிப்பிட்டுக் கேட்க வழியில்லை. நம் மருத்துவமனையில் நொடிக்கு முந்நூறு கட்டளைகள் ஓடுவதாக வைத்தால், நாளுக்கு இரண்டரைக் கோடிக்கு மேல் பதிவுகள் சேரும். பதிவு ஒன்றுக்கு முந்நூறு பைட் என்றாலும் தினமும் ஏழெட்டு ஜிபி. இரண்டு வாரத்தில் வட்டு நிறையும். யாராவது ஒருவர் பழைய கோப்புகளைத் தானாக அழிக்கும் ஏற்பாட்டைச் செய்வார். நமக்குத் தேவைப்படும் அந்த ஒரு பதிவும் அதோடு போய்விடும்.

ஒரே டேபிளைக் கண்காணிக்க பிஜிஆடிட் என்ற நீட்சி இருக்கிறது. அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கண்காணிக்க வேண்டிய டேபிள்களின் பட்டியலை அது எங்கும் தனியாக வைத்துக்கொள்வதில்லை. `auditor` என்று ஒரு பயனரை உருவாக்குகிறோம். அந்தப் பெயரில் யாரும் உள்ளே நுழைய முடியாது. அது பெயருக்கு மட்டும் இருக்கிற பயனர். எந்த டேபிளைக் கண்காணிக்க வேண்டுமோ, அதன் மீதான உரிமைகளை அந்தப் பெயருக்குக் கொடுத்துவிடுகிறோம். பிறகு யார் எந்தக் கட்டளை கொடுத்தாலும் பிஜிஆடிட் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கும்: இந்தக் கட்டளை தொடும் டேபிளில் இதே வேலைக்கான உரிமை `auditor` இடம் இருக்கிறதா? இருந்தால் லாகில் எழுதும். இல்லையென்றால் விட்டுவிடும்.

முதலில் `shared_preload_libraries` என்ற அமைப்பில் `pgaudit` என்று சேர்த்து, தரவுத்தளத்தை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். அதற்குப் பின் இவ்வளவுதான்:

```sql
CREATE EXTENSION pgaudit;
CREATE ROLE auditor NOLOGIN;
ALTER SYSTEM SET pgaudit.role = 'auditor';
ALTER SYSTEM SET pgaudit.log_parameter = on;
ALTER SYSTEM SET pgaudit.log_rows = on;
ALTER SYSTEM SET log_line_prefix = '%m [%p] %u@%d %a ';
SELECT pg_reload_conf();

GRANT SELECT, INSERT, UPDATE, DELETE
  ON hiv_result TO auditor;
```

கடைசிக் கட்டளையில்தான் அந்த டேபிள் கண்காணிப்புக்குள் வருகிறது. மற்ற நூற்றுக்கணக்கான டேபிள்கள் முன்புபோலவே இயங்கும். ஆனால் டேபிளை மொத்தமாகக் காலிசெய்யும் `TRUNCATE` கட்டளையை இந்த முறை பதிவதில்லை. அந்த உரிமையையே யாரிடமும் விட்டுவைக்காமல் பறித்துவிடுவது நல்லது.

இனி அதிகாலை நேரத்தில் யாரோ ஒரு முடிவைப் பார்க்கிறார். லாகில் இப்படி ஒரு பதிவு விழும்:

```
2026-02-11 02:47:13.508 IST [8841] lab_app@hospital e4127
LOG:  AUDIT: OBJECT,1,1,READ,SELECT,TABLE,public.hiv_result,
"SELECT result FROM hiv_result WHERE patient_id = $1",20418,1
```

கோப்பில் இது ஒரே நீண்ட வரியாக இருக்கும், பக்கத்துக்காக மடித்திருக்கிறேன். நேரம் இருக்கிறது. `READ` என்பதால் படித்தது, மாற்றவில்லை. `$1` என்ற இடத்தில் வந்த மதிப்பு கடைசியில் இருக்கிறது: நோயாளி எண் 20418. அதன் பின்னால் உள்ள 1, ஒரு வரி கிடைத்தது என்கிறது. `log_parameter` அமைப்பைப் போடாமல் விட்டிருந்தால் `$1` என்பதோடு நின்றிருக்கும்; யாருடைய முடிவு என்றே தெரியாது.

பார்த்தவர் யார் என்ற இடத்துக்கு வருவோம். பயனர் என்று பதிவில் இருப்பது `lab_app`. அது ஓர் ஆள் அல்ல, மருத்துவமனையின் மென்பொருள். டாக்டர், செவிலியர், ஆய்வகத்தார் எல்லோரும் அதில் தங்கள் கடவுச்சொல்லைப் போட்டு நுழைகிறார்கள். அது மட்டும் ஒரே பெயரில் தரவுத்தளத்துக்குள் போய்வருகிறது. பெரும்பாலான அலுவலகங்களில் இதுதான் வழக்கம். ஆகவே லாகை இயக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களின் கையில், ஆயிரம் பதிவுகளிலும் `lab_app` என்ற ஒரே பெயர்தான் இருக்கும். பின்லாந்து மருத்துவமனை ஆளைக் காட்டாமல் பிரிவைக் காட்டியதே, இதுவும் அதே குறைதான்.

இதற்காகத்தான் அதையடுத்து `e4127` என்று இருக்கிறது. அது ஊழியர் எண். மென்பொருள் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திடம் பேசத் தொடங்கும்போது, தான் யாருக்காகக் கேட்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்:

```sql
BEGIN;
SET LOCAL application_name = 'e4127';
SELECT result FROM hiv_result WHERE patient_id = $1;
COMMIT;
```

இங்கே `LOCAL` என்ற சொல்லைத் தவற விடக்கூடாது. தரவுத்தள இணைப்புகளைப் பல பயனர்கள் மாறி மாறிப் பகிர்ந்துகொள்கிறார்கள். `LOCAL` இல்லாவிட்டால் முந்தையவரின் எண் அந்த இணைப்பிலேயே தங்கிவிடும்; அடுத்து வருபவர் பார்த்தது இவர் கணக்கில் ஏறும். ஒரு நிரபராதியைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் காட்டும் லாக், லாக் இல்லாததைவிட மோசம். இன்னொன்று, இந்த இடத்தில் ஊழியரின் பெயரைத் தமிழில் எழுதிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. அடிப்படை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் மட்டுமே இதில் செல்லும். தமிழ் எழுத்துகள் பழைய பதிப்புகளில் கேள்விக்குறிகளாகவும் புதியவற்றில் புரியாத குறியீடுகளாகவும் மாறிவிடும். எண்ணே போதும்.

இந்த எண்ணும் சாட்சியம் அல்ல. மென்பொருள் சொன்ன வார்த்தை. தரவுத்தளம் அதைச் சரிபார்ப்பதில்லை. இரவுப் பணிக்கு வந்த ஒருவர் காலையில் நுழைந்தவரின் கடவுச்சொல்லிலேயே வேலை பார்த்தால், வார்டில் ஒரே கணினியை நான்கு பேர் மாறி மாறித் தொட்டால், எண் ஒருவரையே காட்டும். 4127-ஐ அழைத்து விசாரிப்பதற்கு முன்னால் அன்றைய பணிப்பட்டியலைப் பார்த்தாக வேண்டும்.

எந்த வரிகள் என்ற கேள்விக்கு வந்தால் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. 20418 என்று எண் போட்டுக் கேட்டால் பதில் தெளிவு. ஆனால் யாராவது இப்படிக் கேட்கிறார் என்று கொள்வோம்: சென்ற மாதம் பரிசோதனை செய்தவர்களில் முடிவு உறுதியானவர்களை எல்லாம் காட்டு. லாகில் அந்தக் கட்டளை அப்படியே இருக்கும். எத்தனை வரிகள் கிடைத்தன என்ற எண்ணிக்கையும் இருக்கும், 37 என்று. அந்த முப்பத்தேழு பேர் யார் என்பது இருக்காது. அதே கட்டளையை ஆறு மாதம் கழித்து ஓட்டிப் பார்த்தால் வேறு எண்ணிக்கை வரலாம். இடையில் திருத்தங்கள் நடந்திருக்கும், சில முடிவுகள் மறுபரிசோதனையில் மாறியிருக்கும். பிஜிஆடிட் பதிவது கேட்கப்பட்ட கேள்வியை. கிடைத்த பதிலை அல்ல.

மாற்றங்களைப் பொறுத்தவரை இதற்குத் தீர்வு எளிது. டேபிளில் ஒரு ட்ரிகரை வைத்தால் போதும். ஒரு வரி மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சிறு நிரல் அது. பழைய வரியையும் புதிய வரியையும் யார் மாற்றினார் என்பதையும் ஒரு வரலாற்று டேபிளில் எழுதிவிடும். ஒரே கட்டளை நாற்பது வரிகளை மாற்றினால் வரலாற்றில் நாற்பது பதிவுகள் இருக்கும். படிப்பதற்கு அப்படி ஒரு ட்ரிகரைப் போஸ்ட்கிரஸ் தருவதில்லை. ஆகவே சுற்றுவழியில் போக வேண்டும். `lab_app`-க்கு அந்த டேபிளை நேரடியாகப் படிக்கும் உரிமையை எடுத்துவிட்டு, `read_result` என்று ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொடுக்கிறார்கள். அது ஒரு நோயாளி எண்ணை மட்டுமே வாங்கும். முதலில் `read_log` என்ற டேபிளில் நேரம், ஊழியர் எண், நோயாளி எண் மூன்றையும் எழுதும். அதற்குப் பிறகே முடிவைத் திருப்பித் தரும். முப்பத்தேழு பேரைப் பார்க்க வேண்டுமானால் முப்பத்தேழு முறை கேட்க வேண்டும், முப்பத்தேழு பதிவுகள் விழும்.

இதோடு முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தரவுத்தளத்தில் தொடங்கிய ஒரு வேலையை முடிக்கும் முன் `ROLLBACK` என்று சொல்லி ரத்து செய்யலாம். அப்போது அந்த வேலைக்குள் எழுதப்பட்டதெல்லாம் எழுதப்படாததுபோல் மறைந்துவிடும். தரவுத்தளத்தில் தன் கையால் கட்டளை கொடுக்கத் தெரிந்த ஒருவர் `BEGIN` என்கிறார், ஃபங்ஷனை அழைக்கிறார், முடிவு திரையில் வருகிறது, `ROLLBACK` என்கிறார். `read_log`-இல் விழுந்த பதிவு காணாமல் போய்விட்டது. கண்ணால் பார்த்ததை யாராலும் ரத்து செய்ய முடியாது. மாற்றங்களில் இந்தச் சிக்கல் இல்லை. ரத்தானால் மாற்றமும் போகும், அதன் வரலாறும் சேர்ந்து போகும், கணக்கு சரியாகவே இருக்கும். படிப்பதில் மட்டும்தான் பார்த்தது நிற்க, பதிவு போய்விடுகிறது.

பிஜிஆடிட் எழுதுவது டேபிளில் அல்ல, வெளியே உள்ள லாக் கோப்பில். அங்கே விழுந்த எழுத்து `ROLLBACK` சொன்னாலும் அழியாது. ஆகவே ஃபங்ஷனும் வேண்டும், பிஜிஆடிட்டும் வேண்டும். வரிகளைத் துல்லியமாகச் சொல்ல முதலாவது, அழிக்க முடியாமல் நிற்க இரண்டாவது. இரண்டையும் ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டு, லாகில் இருந்து டேபிளில் இல்லாத பதிவு எது என்று தேடினால், ரத்து செய்து மறைக்கப் பார்த்தவர் அதிலேயே அகப்படுவார்.

தரவுத்தள நிர்வாகியை இது பிடிக்குமா? நம்பகமாகப் பிடிக்காது. எல்லா அதிகாரமும் கொண்ட பயனர் கண்காணிப்பை நிறுத்தலாம், பார்க்கலாம், மறுபடி இயக்கலாம். லாக் கோப்பும் அவர் கைக்கு எட்டும் கணினியில்தான் இருக்கிறது. இதற்கு ஓரளவு மருந்து, ஒவ்வொரு பதிவையும் எழுதிய உடனே வேறொரு கணினிக்கு அனுப்பிவிடுவது. அந்தக் கணினியின் சாவி இன்னொருவரிடம் இருக்க வேண்டும். பேக்கப்பும் அப்படித்தான். அந்தக் கோப்பை எடுத்துப்போய் வேறு கணினியில் விரித்துப் படித்தால் இங்குள்ள லாக் ஒரு சொல்லும் எழுதாது. பேக்கப்பைப் பூட்டி வைப்பது தனி வேலை.

லாகே இன்னொரு ரகசியமாகிவிடுகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். புதிய முடிவு ஒன்றை ஆய்வகம் சேர்க்கும்போது, அந்த முடிவும் நோயாளி எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் லாகில் விழுகின்றன. டேபிளுக்கு அத்தனை காவல் போட்டுவிட்டு, லாக் கோப்பைத் தொழில்நுட்பப் பிரிவினர் எல்லோரும் திறந்து பார்க்கும்படி விட்டால் செய்ததெல்லாம் வீண். இந்த ஒரு டேபிளின் பதிவுகளைத் தனியே பிரித்து, பார்க்கத் தகுதியுள்ள இரண்டு மூன்று பேருக்கு மட்டும் திறந்துவிடுவதே முறை.

இவ்வளவு செய்த பிறகும், ஒருநாள் சத்தமில்லாமல் எல்லாம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. மென்பொருள் நிறுவனம் புதிய பதிப்பைப் போடுகிறது. அதற்காக ஒரு புதிய டேபிளை உருவாக்கி, தரவை அதற்கு மாற்றி, பழையதை நீக்கிவிட்டு, அதே `hiv_result` என்ற பெயரைப் புதியதற்கு வைக்கிறது. திரையில் எல்லாம் சரியாக ஓடும். ஆனால் `auditor`-க்குக் கொடுத்த உரிமை பழைய டேபிளோடு போய்விட்டது. அன்று முதல் பதிவே விழாது. பிழை என்று எதுவும் காட்டாது. லாக் காலியாக இருப்பதைப் பார்த்து, யாரும் அத்துமீறவில்லை என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, டேபிளில் இல்லாத நோயாளி ஒருவரின் பெயரில் ஒரு போலி வரியை வைத்து, ஒவ்வொரு இரவும் குறித்த நேரத்தில் ஒரு நிரலைக் கொண்டு அதைப் படிக்கச் செய்வது. காலையில் லாகில் அந்தப் பதிவு இருந்தால் கண்காணிப்பு உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் அன்றே தெரிந்துவிடும்.

பதிவை எத்தனை காலம் வைத்திருப்பது? இந்தியாவில் கணினி லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, இணையப் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2025-ல் வந்த விதிகள் ஓராண்டு என்கின்றன. பின்லாந்துப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தது 1992-ல். எழுதிக் கேட்டது 1996-ல். இப்படிப்பட்ட நோயைச் சுமப்பவர்கள் உடனே புகார் கொடுப்பதில்லை. வேலை போன பிறகு, ஊர் மாறிய பிறகு, பேசத் துணிவு வந்த பிறகுதான் கேட்பார்கள். அதனால் ஓராண்டு போதாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே டேபிளைக் கண்காணிப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. நாளுக்கு நானூறு பதிவுகள், ஒவ்வொன்றும் நானூறு பைட் என்றால் ஆண்டுக்கு அறுபது எம்பிகூட ஆகாது. பத்தாண்டுப் பதிவையும் ஒரு பென்டிரைவில் அடக்கலாம்.

வைத்திருந்தால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். நெதர்லாந்தின் ஹேக் நகர மருத்துவமனை ஒன்றில், பிரபலம் ஒருவரின் மருத்துவப் பதிவைச் சிகிச்சையோடு தொடர்பில்லாத ஊழியர்கள் பலர் திறந்து பார்த்திருந்தார்கள். 2019-ல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மருத்துவமனைக்கு 4,60,000 யூரோ அபராதம் விதித்தது. நீதிமன்றம் பிறகு அதைக் குறைத்தது. பதிவுகளை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது ஆணையம் சொன்ன குறைகளில் ஒன்று.

நம் கற்பனை மருத்துவமனையில் வாரம் ஒருமுறை ஒரு பட்டியல் எடுத்தால் போதும். ஒருவர் ஒரு நோயாளியின் முடிவைப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த நோயாளி முந்தைய முப்பது நாளில் அந்த ஊழியரின் பிரிவுக்கு வரவே இல்லை. அப்படிப்பட்ட பதிவுகள் மட்டும் பட்டியலில் வரும். நோயாளியே அந்த மருத்துவமனையின் ஊழியராக இருந்தால், எந்த நிபந்தனையும் பார்க்காமல் ஒவ்வொரு பதிவும் வர வேண்டும். அதிகாலை 2:47 பதிவும் இந்தப் பட்டியலில் வந்தது. 20418 அன்று எந்தப் பிரிவுக்கும் வந்ததாகச் சீட்டு இல்லை. பணிப்பட்டியலில் 4127 அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருந்திருக்கிறார். விசாரித்தபோது கிடைத்தது எளிய பதில்: ஊசி குத்திக் காயம்பட்ட ஒரு துப்புரவுப் பணியாளருக்குத் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டியிருந்தது. எந்த நோயாளியிடமிருந்து வந்த ஊசி என்று தெரிந்ததால் அவருடைய முடிவைப் பார்த்தார்கள். அத்தகைய தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. அவசரத்தில் சீட்டு போடவில்லை. பட்டியலில் அந்தப் பதிவுக்கு எதிரே காரணத்தை எழுதி, விசாரித்தவர் கையொப்பம் இட்டு மூடினார். அடுத்த வாரத்திலிருந்து அவசரப் பிரிவின் திரையில், முடிவைத் திறக்கும் முன் காரணத்தை ஒரு வரியில் கேட்கும் பெட்டி ஒன்றைச் சேர்த்தார்கள்; அந்தக் காரணமும் `read_log`-இல் நோயாளி எண்ணுக்கு அருகே விழுகிறது.